2023-ல் அடிதடி, சி.எஸ்.ஆர். மட்டும்தான் கொடுத்தாங்க. இப்போ கேஸ் போட முடியுமா, காலாவதி ஆயிடுச்சா?

கார்முகில் · 9 ஜனவரி 2026, காலை 10.12

வணக்கம். 2023 மார்ச் 12 அன்னைக்கு சுவர் தகராறுல பக்கத்து வீட்டுக்காரர் எங்க அண்ணனைக் கெட்ட வார்த்தையில திட்டி, கன்னத்துல அடிச்சு, மிரட்டிட்டுப் போனார். அன்னைக்கே ஸ்டேஷன்ல புகார் கொடுத்தோம். புகாரை வாங்கினதுக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது கையில இருக்கு, எஃப்.ஐ.ஆர். போடல. "கூப்பிட்டுப் பேசுறோம்"னு சொல்லியே காலம் போயிடுச்சு. பேச்சுவார்த்தையில அவர் ஒரு தடவைதான் வந்தார்.

இப்போ மறுபடியும் தகராறு பண்றார். பழைய சம்பவத்துக்கு இப்போ கோர்ட்டுக்குப் போகலாமா? கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆகப்போகுது. ஒருத்தர் "ஒரு வருஷம்தான் டைம்"னு சொல்றார், இன்னொருத்தர் "கிரிமினல் கேஸுக்கு டைமே கிடையாது"ங்கிறார். எது சரி?

---

பழனிவேல்_72 · காலை 10.40

ஒரு வருஷம்தான் தம்பி. சாதாரணமா கையால அடிச்சா ஐ.பி.சி. 323, அதிகபட்ச தண்டனை ஒரு வருஷம். ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள போகணும். உங்களுக்கு 2024 மார்ச்லயே கதவு சாத்தியாச்சு. கொலை மாதிரி பெரிய கேஸுக்குத்தான் 12 வருஷம் டைம் கொடுத்திருக்காங்க.

---

வக்கீல்_நந்தினி · காலை 11.25

பழனிவேல் சார், 323-க்கு ஒரு வருஷம்ங்கிறது சரி. கொலைக்கு 12 வருஷம்ங்கிறது எந்தச் சட்டத்துலயும் இல்ல. அது நிலத்துல அனுபவ பாத்தியம் பேசுறப்போ வர்ற கணக்கு, அங்கேருந்து கிரிமினல் பக்கம் தாவி வந்து ஒட்டிக்கிச்சு. கொலைக்குக் காலவரம்பே கிடையாது. முப்பது வருஷம் கழிச்சுப் பிடிபட்டாலும் வழக்கு நடத்தலாம். சாட்சி இருக்குமாங்கிறது வேற பிரச்சனை.

கார்முகில், உங்ககிட்ட சொன்ன ரெண்டு பேரும் பாதி பாதி சொல்லியிருக்காங்க. சட்டம் குற்றத்தோட பேரைப் பார்க்கிறதில்ல, அதுக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைத்தான் பார்க்குது. அபராதம் மட்டும்னா ஆறு மாசம். ஒரு வருஷம் வரை சிறைன்னா ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல மூணு வருஷம் வரைன்னா மூணு வருஷம். மூணு வருஷத்தைத் தாண்டிட்டா காலவரம்பு இல்ல. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. 468-ல இருந்தது, 2024 ஜூலை 1-லேருந்து அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். 514-ல அப்படியே இருக்கு.

உங்க விஷயத்துல அடி மட்டும் இல்லையே. திட்டினது 294(பி), மூணு மாசம் வரை தண்டனை. மிரட்டினது 506, அதோட முதல் பகுதிக்கு ரெண்டு வருஷம் வரை. அப்போ மிரட்டலுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு. இதுல முக்கியமானது 514-ன் மூணாவது உட்பிரிவு. ஒரே சம்பவத்துல நடந்த பல குற்றங்களைச் சேர்த்து விசாரிக்க முடியும்னா, அதுல எதுக்குத் தண்டனை அதிகமோ அதோட காலவரம்புதான் எல்லாத்துக்கும். அடிச்சதுக்கு ஒரு வருஷம் முடிஞ்சிருந்தாலும், மிரட்டலோட கையைப் பிடிச்சுக்கிட்டு அதுவும் உள்ள வந்துடும்.

சம்பவ நாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. அதனால உங்களுக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 12. ரெண்டு மாசம் இருக்கு.

ஒண்ணு கேட்கணும்: ஸ்டேஷன்ல கொடுத்த மனுவுல மிரட்டலைப் பத்தி என்ன எழுதியிருக்கு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க.

---

ரபீக்_ஏஜென்சீஸ் · பகல் 12.05

மேடம், எனக்கும் இதே சந்தேகம். ஒருத்தர் கொடுத்த செக் திரும்பி வந்துடுச்சு. செக் கேஸுக்கு ரெண்டு வருஷம் வரை ஜெயில்னு சொல்றாங்க. அப்போ நீங்க சொன்ன கணக்குப்படி மூணு வருஷம் டைம் இருக்குல்ல? பையன் கல்யாணத்தை முடிச்சிட்டு நிதானமா போடலாம்னு இருக்கேன்.

---

வக்கீல்_நந்தினி · பகல் 12.20

ரபீக் பாய், நிதானமே வேண்டாம்! செக் வழக்குக்குத் தனிச் சட்டம், தனிக் கணக்கு. பேங்க் மெமோ எந்தத் தேதி, நோட்டீஸ் எப்போ அனுப்பினீங்க, அவர் கைக்கு எப்போ போச்சு, மூணையும் சொல்லுங்க.

---

கார்முகில் · பகல் 1.30

மனு நகலைப் பார்த்தேன் மேடம். ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர்கிட்ட கொடுத்து எழுதினது. "ஆபாசமாகத் திட்டி, கன்னத்தில் கையால் அடித்து, மிரட்டல் விடுத்துச் சென்றார்"னு மட்டும் இருக்கு.

ஆனா உண்மையில "கையைக் காலை உடைச்சிடுவேன்"னு சொன்னார். அண்ணிக்கும் எதிர்வீட்டுக்காரங்களுக்கும் தெரியும்.

---

பழனிவேல்_72 · பகல் 1.52

அப்போ 506 ரெண்டாம் பகுதி போட்டுடலாமே! அதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை. மூணு வருஷத்தைத் தாண்டிட்டதால காலவரம்பே கிடையாது. போலீஸே எல்லா அடிதடிக்கும் 294(பி), 323, 506(2)-னு ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி அடிக்கிறாங்க. எதுக்கு மார்ச் 12-க்கு ஓடணும்?

---

வக்கீல்_நந்தினி · மாலை 3.10

சார் சொல்றது சட்டப்படி சரியான வழிதான். கொன்னுடுவேன்னோ கொடுங்காயம் உண்டாக்குவேன்னோ மிரட்டினா ரெண்டாம் பகுதி வரும். எலும்பை உடைக்கிறது கொடுங்காயம்தான். ஆனா இந்த ஒரு இடத்துலதான் நான் பார்த்த கேஸ்கள் வழுக்கி விழுந்திருக்கு.

2023-ல கொடுத்த மனுவுல "மிரட்டல் விடுத்தார்"னு மட்டும் இருக்கு. மூணு வருஷம் கழிச்சு வர்ற புகார்ல முதல் தடவையா "கையைக் காலை உடைச்சிடுவேன்" வந்தா எதிர்தரப்பு வக்கீல் ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுவார். காலவரம்பைத் தாண்டுறதுக்காகச் சேர்த்த வார்த்தைம்பார். மாஜிஸ்ட்ரேட்டும் அப்படி நினைச்சுட்டா, அந்தப் பிரிவை விட்டுட்டு மீதியை மட்டும்தான் கோப்புக்கு எடுப்பார்.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. வெறும் வாய்ச்சவடால் 506 ஆகாது. மிரட்டப்பட்டவரைப் பயமுறுத்தும் நோக்கம் இருந்ததுன்னு புகாரைப் படிச்சாலே தெரியணும். கோர்ட் தொடக்கத்துலயே 506 பொருந்தாதுன்னு முழுசா தள்ளிட்டா, மிஞ்சுறது அடியும் திட்டும். ரெண்டுக்கும் ஒரு வருஷக் கணக்கு, அது எப்பவோ முடிஞ்சது. முழுக் கேஸும் அதோட போச்சு.

ஆனா 506-ஐயும் சேர்த்துக் கோப்புக்கு எடுத்துட்டு, விசாரணை முடிவுல அடிச்சது மட்டும் நிரூபணமானா தண்டனை செல்லும். காலவரம்பைப் பார்க்க வேண்டியது சாட்டப்பட்ட குற்றத்தை வச்சுத்தான், கடைசியில நிரூபணமானதை வச்சு இல்லைன்னு ஹிமாச்சல் அரசு – தாரா தத் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதனால தொடக்கம்தான் கண்டம்.

என் யோசனை: மார்ச் 12-க்கு முன்னாடியே போடுங்க. அப்போ முதல் பகுதியே போதும், மூணு வருஷத்துக்குள்ள வந்துடுது. சொன்ன வார்த்தையையும் எழுதுங்க, ஏன் முந்தின மனுவுல இல்லைங்கிறதையும் எழுதுங்க. காலவரம்புக்காக அந்த வார்த்தையை நம்பி நிக்காதீங்க.

---

சிவகாமி_ரா · மாலை 4.02

என் தங்கச்சி விஷயம் ஒண்ணு கேட்கலாமா? அவளைக் கணவர் வீட்டுல 2019-லேருந்து கொடுமைப்படுத்தியிருக்காங்க. 2022 நவம்பர்ல வெளியேத்திட்டாங்க. 498ஏ-வுக்கு மூணு வருஷம்தான் டைம், முடிஞ்சிடுச்சுன்னு இப்போ சொல்றாங்க. அவ்வளவு வருஷம் பட்டதுக்கு ஒண்ணுமே இல்லையா?

---

வக்கீல்_நந்தினி · மாலை 5.15

அம்மா, அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுடாது. 498ஏ-வுக்கு அதிகபட்சம் மூணு வருஷம், அதனால மூணு வருஷக் காலவரம்பு, அது சரி. ஆனா அந்தக் கொடுமை தொடர் குற்றம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் கணக்கு புதுசா ஆரம்பிக்குது. கடைசியா நடந்தது எப்போங்கிறதுதான் கேள்வி. வெளியேத்தின பிறகு நகையைத் திருப்பித் தராம வச்சிருக்கிறது, போன்ல பணம் கேட்டு மிரட்டுறது, இதெல்லாம் நடந்திருந்தா தேதியோட எழுதி வைக்கச் சொல்லுங்க.

அப்படியும் தாண்டியிருந்தா, தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தாலோ நீதியின் நலனுக்காகத் தேவைன்னு தோணினாலோ கோர்ட் காலவரம்பு கடந்தும் எடுக்கலாம். பழைய 473, இப்போ 519. குடும்பக் கொடுமை வழக்குகள்ல இதைத் தாராளமா பார்க்கணும்னு 1993-லயே வங்கா ராதாமனோகரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

பாதுகாப்பு, ஜீவனாம்சம், வீட்டுல தங்குற உரிமைதான் தேவைன்னா, குடும்ப வன்முறைச் சட்டத்துல 12-வது பிரிவு மனு போடலாம். அதுக்கு இந்தக் காலவரம்பே பொருந்தாது. 2022-ல காமாட்சி – லட்சுமி நாராயணன் தீர்ப்பு, தமிழ்நாட்டிலேருந்து போன வழக்குதான்.

---

சிவகாமி_ரா · மாலை 5.31

நகை இன்னும் அங்கதான் இருக்கு மேடம். திருப்பிக் கேட்டு அனுப்பின மெசேஜ் எல்லாம் அவ போன்ல இருக்கு. இன்னைக்கே எடுத்து வைக்கச் சொல்றேன்.

---

யாழ்மைந்தன் · இரவு 8.47

இலங்கையில கதை வேற. எங்கட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில 456-ஆம் பிரிவு இருக்கு. கொலைக்கும் அரச துரோகத்துக்கும் எவ்வளவு காலம் போனாலும் வழக்குத் தொடரலாம். மற்றக் குற்றங்களுக்கு, வேற சட்டத்தில தனியா ஏதும் சொல்லியிருந்தாலொழிய, பொதுவா 20 வருஷம். கன்னத்தில அடிச்சதும் களவும் எல்லாம் அதே 20-க்குள்ளதான்.

நான் இப்ப இருக்கிற இங்கிலாந்தில சின்னக் குற்றங்களுக்கு ஆறு மாசம். ஜூரி முன்னால போகக்கூடிய பெரிய குற்றங்களுக்குப் பொதுவா வரம்பே இல்லை. இந்தியா மாதிரி தண்டனையை வச்சுப் படி படியா பிரிக்கிறது எனக்குப் புதுசு. ஒரே அடிதடியில என்ன பிரிவு போடுறாங்கள் எண்டதை வச்சு ஒரு வருஷமோ ஆயுள் முழுக்கவோ எண்டு மாறுறது சரியா? எழுதிற ஆள் கையில எல்லாம் போகுதே.

---

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் · இரவு 9.30

யாழ்மைந்தன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எழுதுறவர் கையில கொஞ்சம் போகத்தான் செய்யுது. அதனாலதான் பிரிவு எண்ணைப் பார்க்காம, எழுதின சம்பவத்தைப் பார்க்கணும்னு கோர்ட் சொல்லிக்கிட்டே இருக்கு.

நான் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல வேலை பார்த்தவன். கார்முகிலுக்கு நடைமுறை சொல்றேன். நீங்க போட வேண்டியது தனிநபர் புகார், பி.என்.எஸ்.எஸ். 223. தாக்கல் பண்ணின அன்னைக்கு விழுற தேதி முத்திரைதான் உங்க உயிர். எங்க ஆபீஸ்ல தேதி தாண்டின புகார் வந்தா "காலவரம்புக்குள் எப்படி?"ன்னு சிவப்பு மையில எழுதி ரிட்டர்ன் பண்ணுவோம். அதுக்குப் பதில் எழுதிக் குறிப்பிட்ட நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். முதல்ல தாக்கல் பண்ணின முத்திரை அதே காகிதத்துல இருக்கும், அதைத் தொலைச்சிட்டு புதுசா டைப் அடிச்சுக் கொண்டு வர்றவங்க உண்டு. அப்படிச் செய்யாதீங்க.

அதனால மார்ச் 12 வரைக்கும் காத்திருக்காதீங்க. பிப்ரவரி முதல் வாரத்துல உள்ள போட்டுடணும். அரசு மருத்துவமனைக்கு அன்னைக்குப் போயிருந்தா, காயத்தை அங்க பதிவு பண்ணின ஏ.ஆர். காப்பி வாங்குங்க. சி.எஸ்.ஆர். ரசீதோட அசல் வைங்க.

---

பழனிவேல்_72 · இரவு 9.58

எனக்கு ஒண்ணு புரியல. 2023-லயே போலீஸ்ல புகார் கொடுத்தாச்சு. அப்போ அந்தத் தேதியைத்தானே எடுக்கணும்? எஃப்.ஐ.ஆர். போடாதது போலீஸ் தப்பு, அண்ணன் தப்பா?

---

வக்கீல்_நந்தினி · 10 ஜனவரி, காலை 9.05

சார், நியாயம் உங்க பக்கம். சட்டம் முழுசா உங்க பக்கம் இல்ல.

ஒரு காலத்துல, மாஜிஸ்ட்ரேட் கோப்புக்கு எடுத்த தேதியைத்தான் பார்க்கணும்னு ஒரு கருத்து இருந்துச்சு. கோர்ட் வேலைப்பளுவுல தாமதம் ஆனா பாதிக்கப்பட்டவன் கேஸ் காலாவதி! 2013 நவம்பர்ல சாரா மேத்யூ வழக்குல அஞ்சு நீதிபதி அமர்வு இதை மாத்திட்டாங்க: புகார் தாக்கல் பண்ணின தேதி, இல்ல வழக்கு தொடங்கப்பட்ட தேதிதான் கணக்கு. இப்போ பி.என்.எஸ்.எஸ். 514-லயே விளக்கமா சேர்த்துட்டாங்க: 223-ன்படி புகார் தாக்கலான தேதி, இல்ல 173-ன்படி தகவல் பதிவான தேதி.

173-ன்னா எஃப்.ஐ.ஆர். நம்ம ஊர் சி.எஸ்.ஆர். அதுல இல்ல. அது சமூகப் பணிப் பதிவேட்டுல ஒரு ரசீது, அவ்வளவுதான். 323-ம் போலீஸ் நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாத வகை. அதனால சி.எஸ்.ஆர். தேதி காலவரம்பை நிறுத்தும்னு நம்பி உட்காராதீங்க. தாமதத்துக்கு விளக்கம் சொல்றப்போ அது பெரிய ஆயுதம், "அன்னைக்கே போனேன், அலைய விட்டாங்க"ன்னு காட்டும். அந்த வகையிலதான் பயன்படும்.

எஃப்.ஐ.ஆர். குறிச்ச நேரத்துல போட்டுட்டா, குற்றப்பத்திரிகை தாமதமா வந்தாலும் காலவரம்பு உதைக்காது. ஆனா பல வருஷம் இழுத்தடிச்சா, விரைவான விசாரணை உரிமை போச்சுன்னு அரசியல் சட்டம் 21-ஐ வச்சு எதிரி ஹைகோர்ட் போகலாம். அது தனி வாதம்.

---

ரபீக்_ஏஜென்சீஸ் · காலை 9.40

மேடம், மெமோ நவம்பர் 3. நோட்டீஸ் நவம்பர் 28 அனுப்பினேன். அவர் டிசம்பர் 2 கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார். பணம் வரல.

---

வக்கீல்_நந்தினி · காலை 9.55

மெமோ வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், சரியா அனுப்பிட்டீங்க. அவருக்குக் கிடைச்சதுலேருந்து 15 நாள், டிசம்பர் 17-ல முடிஞ்சது. அதிலேருந்து ஒரு மாசத்துக்குள்ள புகார் தாக்கல் ஆகணும். ஜனவரி 17-ன்னு மனசுல வச்சுக்குங்க, அது சனிக்கிழமை. இன்னைக்கு 10. திங்கட்கிழமையே போடுங்க. தாண்டினா காரணம் காட்டிக் கேட்கலாம், ஆனா "கல்யாண வேலை"யைக் காரணம்னு எழுதிப் பாருங்க, எதிர்தரப்பு வக்கீல் சந்தோஷப்படுவார்.

---

ரபீக்_ஏஜென்சீஸ் · காலை 9.58

அல்லாஹ்! வக்கீலுக்கு இப்பவே போன் போடுறேன்.

---

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் · காலை 11.20

நந்தினி மேடத்துக்கு ஒரு கேள்வி. கார்முகில் நேரா 223 புகார் போடாம, எஃப்.ஐ.ஆர். போட உத்தரவு கேட்டு 175(3) மனு போட்டா, அந்த மனுத் தேதி காலவரம்பைக் காப்பாத்துமா? பழைய 156(3) காலத்துலயே எங்க கோர்ட்ல ரெண்டு மாஜிஸ்ட்ரேட் ரெண்டு விதமா பார்த்தாங்க. என் கருத்து: கோர்ட் கதவைத் தட்டின தேதிதான் எடுக்கணும்.

---

வக்கீல்_நந்தினி · பகல் 12.15

ஐயா, உங்க கருத்துக்கு ஆதரவா வாதாடலாம். ஆனா நான் அதை நம்பி ஒரு கட்சிக்காரரை இறக்க மாட்டேன். 514 விளக்கத்துல எழுதியிருக்கிறது 223-ம் 173-ம். 175(3) பேரே இல்ல. மனு நிலுவையில இருக்கிறப்போ மார்ச் 12 போயிட்டா, பிறகு எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி உத்தரவு வந்தாலும் "தகவல் பதிவான தேதி" காலவரம்புக்கு அப்புறம். அதுவும் இல்லாம 175(3)-க்கு முதல்ல எஸ்.பி.க்கு அனுப்பணும், பிரமாணப் பத்திரம் வைக்கணும், அதுக்கே நாள் ஓடிடும்.

---

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் · பகல் 12.40

அப்படிப் பார்த்தா கோர்ட்டைத் தேடி வந்தவனையே சட்டம் தண்டிக்குது. சாரா மேத்யூ தீர்ப்போட உயிரே அதுக்கு எதிர்தானே? ஒத்துக்க முடியல.

---

கார்முகில் · மாலை 6.20

அப்போ தனிநபர் புகார்தான். இன்னும் ஒரு சந்தேகம்: போன வாரம் அவர் மறுபடியும் திட்டி மிரட்டினார். அதையும் இதே புகார்ல சேர்த்தா "தொடர் குற்றம்"னு சொல்லிக் காலவரம்பைப் புதுசா ஆரம்பிக்கலாமா?

---

வக்கீல்_நந்தினி · மாலை 7.02

இல்ல. 498ஏ மாதிரி தொடர்ந்து நடக்கிற கொடுமை வேற, மூணு வருஷ இடைவெளியில ரெண்டு தனித்தனி தகராறு வேற. அடிச்சது அன்னைக்கு அடிச்சதோட முடிஞ்சது. போன வாரம் நடந்தது, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புது பி.என்.எஸ். பிரிவுகள்ல தனிப் புகார், 296-ம் 351-ம். அதுக்கும் கடிகாரம் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டையும் ஒரே காகிதத்துல கலந்தா பழசுக்கும் கெடுதல், புதுசுக்கும் கெடுதல். இந்தத் தடவை அவர் சொன்னதை ஸ்டேஷன் வாசல்ல யார்கிட்டயும் கொடுத்து எழுதாதீங்க. அண்ணனையே உட்கார வச்சு, சொன்ன வார்த்தையைச் சொன்னபடி எழுதச் சொல்லுங்க.

---

கார்முகில் · மாலை 7.15

சரி மேடம். அண்ணன் எழுதிக்கிட்டிருக்கார். கெட்ட வார்த்தையையும் அப்படியே எழுதணுமான்னு கேட்கிறார்.

---

ஓய்வு_பெஞ்ச்கிளார்க் · மாலை 7.19

எழுதணும் தம்பி. "ஆபாசமாகத் திட்டினார்"னு மட்டும் எழுதின புகாரை எத்தனை தடவை ரிட்டர்ன் பண்ணியிருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல.